ஐந்து சென்டிமீட்டர் நகர்கிறதே என்று பயப்படலாமா? ஜிபிஎஸ் தரவைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கோ நிலம் அதிர்ந்த செய்தி வந்தால் போதும், சேலத்தில் ஒரு கணக்கு சுற்றத் தொடங்கிவிடுகிறது: “இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் நகர்கிறது, நமக்கு அடியிலும் பழைய பிளவுகள் இருக்கின்றன, ஆகவே சேர்ந்த விசை ஒருநாள் வெடிக்கும்.” இதில் முதல் இரண்டு வாக்கியங்கள் உண்மை. தவறு ‘ஆகவே’ என்ற சொல்லில் இருக்கிறது.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள ஜிபிஎஸ் நிலையம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. ஹைதராபாத் நிலையமும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் அதே திசையில்தான் போகிறது. சேலம் இவற்றோடு ஒரே தட்டில் இருக்கிறது. சென்னை ரயிலில் எதிரெதிரே அமர்ந்த இருவருக்கு இடையே உள்ள தூரம் ஜோலார்பேட்டை தாண்டினாலும் மாறுவதில்லை; இதுவும் அப்படித்தான். வரைபடத்தில் காணும் நீண்ட அம்புக்குறி, புவி முழுவதற்கும் பொதுவான ஒரு சட்டகத்தை வைத்து அளந்த வேகம். நிலத்தை உருக்குலைத்து விசையைச் சேர்க்கும் திரிபைக் காட்டுவது, இரு நிலையங்களின் வேகங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். எனவே முதலில் தட்டின் பொதுவேகத்தைக் கழிக்க வேண்டும். கழித்தால் தென்னிந்திய நிலையங்களில் மிஞ்சுவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அளவீட்டுப் பிழையிலிருந்து அதைப் பிரித்தறிவதே கடினம்.

இதையே மறுபக்கம் புரட்டி, ‘அப்படியானால் இங்கே நிலநடுக்கமே வராது’ என்பதும் தவறு. 1900 பிப்ரவரியில் கோவை அதிர்ந்தது. 1993 செப்டம்பரில் லாத்தூர் பகுதியில் கில்லாரி தரைமட்டமானது. தட்டின் நடுவே திரிபு மிக மெதுவாகச் சேர்வதால் ஜிபிஎஸ் பதிவில் தென்படாமல் போகலாம். சேலம்–ஆத்தூர் வழியாகச் செல்லும் பழைய பாறைப் பிளவுப் பட்டையைப் பற்றி ஜிபிஎஸ் இன்றைக்குச் சொல்லக்கூடியது, ‘வேகமாக எதுவும் சேரவில்லை’ என்பது மட்டுமே.

கைப்பேசியில் இடத்தைக் குறித்து வைத்து, அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று பார்க்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. கைப்பேசி திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். ஐந்து மீட்டர் பிழை என்றால் தட்டு தொண்ணூறு ஆண்டுகளில் நகரும் தூரம் அது. ஆய்வு நிலையம் செயற்கைக்கோள் அலையின் கட்டத்தையே, அதாவது அலை தன் ஒரு சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையே அளக்கிறது. அந்த அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். பொதுவாக முப்பது நொடிக்கு ஒருமுறை எடுத்த பதிவுகளை நாள் முழுவதும் சேர்த்துக் கணக்கிட்டால், கிடைமட்ட இருப்பிடம் சில மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். உயரத்தில் பிழை அதைப் போல இரண்டு மூன்று மடங்கு.

ஏற்காட்டில் ஒரு நிலையம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறை இதற்கு வெகு பொருத்தம்: பாறையில் துளையிட்டு, எஃகுக் கம்பி இறக்கி, மேலே ஆண்டெனாவைப் பொருத்தலாம். எளிது என்பதற்காகக் கட்டட மொட்டைமாடியில் வைத்தால், அளப்பது கட்டடத்தின் வெயில் விரிவையும் அஸ்திவாரத்தின் அமர்வையும்தான். பாறையே கிடைத்தாலும் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களைக் கவனிக்க வேண்டும். நிறுவிய அன்று வானம் திறந்திருக்கும். மரங்கள் உயர உயரத் தாழ்வான செயற்கைக்கோள்கள் மறைந்து, அலை இலைகளில் பட்டுத் திரும்பி வரும். அப்போது நிலையம் மெல்ல நகர்வது போன்ற ஒரு போலிப் போக்கு பதிவில் தோன்றும். ஆண்டெனாவை மாற்றிய நாளில் பதிவு சில மில்லிமீட்டர் திடீரெனத் தாவும். அது நிலத்தின் தாவலா, கருவியின் தாவலா என்று அறிய, பராமரிப்புக் குறிப்பேட்டில் அந்தத் தேதியைப் பார்க்க வேண்டும். பிறகு அண்டை நிலையங்களிலும் தாவல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பேடு எழுதாத நிலையத்தின் பத்தாண்டுப் பதிவை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று, அவசரம். பருவமழையில் தேங்கும் நீரின் எடையால் நிலம் தாழ்ந்து, வறண்டதும் எழும்பும். கங்கைச் சமவெளியிலும் இமயத்திலும் இந்த ஏற்ற இறக்கம் ஒரு சென்டிமீட்டரையும் தொடும். மார்ச்சில் தொடங்கி செப்டம்பரில் முடித்த அளவீடு, ‘ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் அமிழ்கிறது’ என்று பொய் சொல்லிவிடும். குறைந்தது இரண்டரை ஆண்டுத் தொடர் பதிவு இல்லாமல் வேகத்தைக் கணக்கிடக் கூடாது என்பது இத்துறையின் நடைமுறை.

இனி, படித்தவர்களையும் ஏமாற்றும் தவறு. பிளவின் இரு கரையிலும் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஆளுக்கொரு நிலையம் வைக்கிறார்கள். சில ஆண்டுகள் அளந்தும் இடைவெளி மாறவில்லை. ‘பிளவு செத்துவிட்டது’ என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மை பெரும்பாலும் தலைகீழ். பிளவின் மேற்பகுதி உராய்வால் பூட்டிக்கிடக்க, ஆழத்தில் மட்டும் இருபுறமும் நழுவிக்கொண்டிருந்தால், பிளவை ஒட்டிய நிலம் ஒன்றாகத்தான் இருக்கும்.

பக்கவாட்டில் நழுவும் செங்குத்துப் பிளவு ஒன்று. 15 கிலோமீட்டர் ஆழம் வரை பூட்டு. அதற்குக் கீழே ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர் நழுவல் என்று கொள்வோம். வழக்கமான எளிய மாதிரிப்படி, இருபுறமும் ஒரு கிலோமீட்டரில் உள்ள நிலையங்களுக்கு இடையே தெரியும் வித்தியாசம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 15 கிலோமீட்டர் தள்ளிப் போனால் 10 மில்லிமீட்டர். நூறு கிலோமீட்டரில் 18. ஆக, பிளவின் வேகத்தை அறியத் தூர நிலையங்கள் வேண்டும். பூட்டின் ஆழத்தை அறிய இடைப்பட்ட தூரங்களில் நிலையங்கள் வேண்டும். பிளவையொட்டிய நிலையங்களால் பயனில்லை என்றும் சொல்ல முடியாது. அங்கே சட்டென்று ஒரு படி போல வேகம் மாறினால், பிளவு பூட்டாமல் மேற்பரப்பு வரை ஊர்ந்து நழுவுகிறது என்று பொருள்.

நேபாளத்தில் பிளவு படுத்த நிலையில் இமயத்துக்கு அடியே சரிந்து போகிறது. மலையடிவாரத்திலிருந்து வடக்கே சுமார் நூறு கிலோமீட்டர் வரை அது பூட்டிக்கிடக்கிறது. தட்டும் மலையும் நெருங்கும் வேகம் அங்கே ஆண்டுக்கு 18 மில்லிமீட்டர் அளவு. ஆனால் அடிவாரப் பிளவைத் தாண்டும் இடத்தில் நிலையங்களின் வேகம் பெரிதாக மாறுவதில்லை. பூட்டு முடியும் உயர்மலைப் பகுதியை நெருங்கும்போதுதான் வேகம் விறுவிறுவென மாறுகிறது. அங்கே நிலம் மெல்ல உயரவும் செய்கிறது. 2015 ஏப்ரல் 25 அன்று, 7.8 ரிக்டர் அளவு என்று நாளிதழ்கள் எழுதிய நிலநடுக்கத்தில், அந்தப் பூட்டின் ஒரு பகுதி விடுபட்டது. காத்மாண்டு தெற்கே ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளப்பட்டு ஒரு மீட்டர் அளவு உயர்ந்தது. அதற்கு வடக்கே உயர்ந்துகொண்டிருந்த மலைப்பகுதி தாழ்ந்தது. அடிவாரத்துப் பிளவு அன்றும் உடையவில்லை. அந்தப் பகுதியில் சேர்ந்த திரிபு இன்னும் அங்கேயே இருக்கிறது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு தேதி குறிக்கப் புறப்படுவது கடைசித் தவறு. காத்மாண்டு அருகே அதற்கு முந்தைய பெரிய நிலநடுக்கம் 1833இல் நடந்தது. 182 ஆண்டுகளை 18 மில்லிமீட்டரால் பெருக்கினால் மூன்றே கால் மீட்டர் வருகிறது. 2015இலோ பிளவின் சில இடங்களில் அதைவிட அதிகமாகவே நழுவியது. முன்பே மிச்சம் இருந்திருக்க வேண்டும். 2015 நிலநடுக்கம் தொடங்கிய கோர்க்காவுக்கு மேற்கே, 1505இல் நடந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. அதே பெருக்கல் அங்கே ஒன்பது மீட்டரைத் தாண்டுகிறது. 1505இல் எவ்வளவு மிச்சமிருந்தது, பூட்டு எந்த அளவு திரிபைத் தாங்கும் என்ற இரண்டு எண்களையும் எந்த ஜிபிஎஸ் நிலையமும் அளக்கவில்லை. அது தருவது, பூட்டிய பரப்பின் அகலமும் அதில் ஆண்டுதோறும் சேரும் நழுவல் பற்றாக்குறையும். அவற்றைக் கொண்டு, உடைந்தால் நிலநடுக்கம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று மதிப்பிடலாம். எந்த ஆண்டில் உடையும் என்று சொல்ல முடியாது.