பிரெஞ்சு சோர்ஸ் ரெண்டு அர்த்தம் சொன்னா: கிளையன்ட்கிட்ட எப்போ கேக்கணும், எப்போ நாமளே முடிவு பண்ணலாம்

நேரா ஒரு வாக்கியத்தை வச்சே பாத்துடலாம். ஒரு மெஷின் விற்பனை ஒப்பந்தம், அதுல ஆர்ட்டிக்கிள் 7.2, நீங்க இதை தமிழுக்கு கொண்டு வரணும்னு வச்சுக்கோங்க (உதாரணத்துக்கு நானே எழுதினது, ஆனா இந்த மாதிரி வாக்கியம் ஒப்பந்தத்துல தாராளமா வரும்):

```
Le vendeur remet à l'acheteur les certificats
et les rapports signés par son représentant.
```

மேலோட்டமா படிச்சா சிக்கலே இல்ல. விற்கிறவர் வாங்குறவர்கிட்ட சான்றிதழையும் ரிப்போர்ட்டையும் கொடுக்கணும், பிரதிநிதி கையெழுத்து போட்டிருக்கணும், அவ்வளவுதான். ஆனா டைப் பண்ண ஆரம்பிச்சதும் கை நிக்கும். யாரோட பிரதிநிதி? கையெழுத்து ரிப்போர்ட்டுக்கு மட்டுமா, சான்றிதழுக்குமா? இந்த ரெண்டு கேள்வியையும் கடைசி வரைக்கும் கொண்டு போய் பாக்கலாம். ஒண்ணு கிளையன்ட் வரைக்கும் போகும், இன்னொண்ணு போகவே தேவையில்ல.

படி 1: குழப்பம் எழுத்துலயா, நம்ம பிரெஞ்சுலயா?

இதை முதல்ல பிரிச்சே ஆகணும், ஏன்னா புதுசா வர்றவங்க அனுப்புற கேள்வில நிறைய, இலக்கண புக்கை தொறந்தா பதில் கிடைக்கிற கேள்விதான், அதை கிளையன்ட்கிட்ட அனுப்பினா அடுத்து நீங்க கேக்குற நியாயமான கேள்வியையும் அவங்க சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க. ரெண்டு மூணு உதாரணம்:

```
à moins que le vendeur ne renonce
Le vendeur aurait livré la machine.
10 jours ouvrés / 10 jours ouvrables
```

முதல் வரில இருக்குற அந்த குட்டி "ந" எதிர்மறையே கிடையாது, சும்மா ஒட்டிக்கிட்டு வர்றது, "விற்கிறவர் விட்டுக்கொடுத்தா ஒழிய"ன்னுதான் அர்த்தம். ரெண்டாவது, செய்தி மாதிரியான டெக்ஸ்ட்ல தனி வாக்கியமா வந்தா, "டெலிவரி பண்ணிட்டதா சொல்றாங்க", அதாவது எழுதினவர் அதுக்கு பொறுப்பு ஏத்துக்கல. மூணாவதுல முன்னாடி இருக்குறது நிஜமா வேலை நடக்குற நாட்கள், வழக்கமா வாரத்துக்கு 5, பின்னாடி இருக்குறது ஞாயிறும் விடுமுறை நாளும் போக மத்ததெல்லாம், அதாவது வாரத்துக்கு 6. இதுல எதையும் கேக்க வேண்டாம், தெரிஞ்சுக்கணும்.

நம்ம வாக்கியத்துக்கு இலக்கணம் என்ன சொல்லுது? பிரெஞ்சுல "அவருடைய"ங்குற சொல் உடமைப் பொருளோட பாலுக்கு ஏத்த மாதிரிதான் மாறும், உடையவரை பாத்து மாறாது. அதனால அந்த "ஸோன்" விற்கிறவரையும் காட்டலாம், வாங்குறவரையும் காட்டலாம். கையெழுத்து விஷயத்துல சில சமயம் பால் நமக்கு கைகொடுக்கும்:

```
les rapports et les attestations signées
```

இங்க பெண்பால் முடிவு இருக்கு, அதனால கையெழுத்து அட்டஸ்டேஷனுக்கு மட்டும்தான், பேச்சே இல்ல. ஆனா நம்ம வாக்கியத்துல சான்றிதழ், ரிப்போர்ட் ரெண்டுமே ஆண்பால், முடிவும் ஆண்பால் பன்மை. ரெண்டுக்கும் சேத்தும் வரலாம், கடைசிக்கு மட்டும் வரலாம். அப்போ குழப்பம் நம்மகிட்ட இல்ல, நிஜமாவே எழுத்துலதான் இருக்கு.

படி 2: ரெண்டு அர்த்தத்தையும் தமிழ்ல முழுசா எழுதிப் பாருங்க

மனசுக்குள்ள "என்னமோ சரியில்லையே"ன்னு இருக்குறதை வச்சு கேள்வி அனுப்பாதீங்க. தனியா ஒரு ஃபைல்ல ரெண்டு மொழிபெயர்ப்பையும் எழுதுங்க. ரெண்டாவது ஒண்ணை எழுதவே முடியலன்னா உங்ககிட்ட கேள்வியே இல்லன்னு அர்த்தம்.

அ) ...விற்பனையாளர் தன் பிரதிநிதி கையெழுத்திட்ட...
ஆ) ...வாங்குபவரின் பிரதிநிதி கையெழுத்திட்ட...

இதே வாக்கியம் இங்கிலீஷுக்கு போனா "இட்ஸ்"னு போட்டு குழப்பத்தை அப்படியே கொண்டு போயிடலாம், ஒப்பந்தத்துல அது தப்பும் இல்ல, மூலத்துல இருக்குற ஓட்டையை அடைக்கிறது நம்ம வேலை கிடையாது, டெலிவரி மெயில்ல ஒரு வரி சொல்லிட்டா போதும். ஆனா தமிழ்ல "தன்"னு போட்டா எழுவாய்க்கு போயிடும், "அவரது"ன்னு போட்டா படிக்கிறவங்க இன்னொருத்தர்னு எடுத்துப்பாங்க. பூசி மெழுக வழியே இல்ல. நம்ம மொழி நம்மளை முடிவெடுக்க வைக்குது, கேள்வி பிறக்குற இடமே அதுதான்.

கையெழுத்துலயும் இதே கூத்துதான், அதுவும் தலைகீழா. தமிழ்ல "கையெழுத்திட்ட"ங்குறது முன்னாடி வரணும். "கையெழுத்திட்ட சான்றிதழ்களும் அறிக்கைகளும்"னு எழுதினா, சான்றிதழுக்கு மட்டும்னு படிக்கலாம், ரெண்டுக்கும்னும் படிக்கலாம். பிரெஞ்சுல சான்றிதழுக்கு மட்டும்ங்குற அர்த்தமே கிடையாது! அப்போ குழப்பத்தை அப்படியே கொண்டு வர்றோம்னு நினைச்சுக்கிட்டு மூலத்துல இல்லாத ஒரு குழப்பத்தை புதுசா உண்டாக்கிடுவோம். இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல.

யூசர் மேனுவல், பாதுகாப்பு குறிப்பு மாதிரி விஷயத்துல மட்டும், மொழி இடம் கொடுத்தாலும் குழப்பத்தை விட்டு வைக்காதீங்க. கையில ஸ்பேனரோட நிக்கிறவருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் வேணும்.

படி 3: டாக்குமெண்ட்டையே கேளுங்க

கிளையன்ட்டுக்கு முன்னாடி கேக்க வேண்டிய ஆள் அந்த டாக்குமெண்ட்தான். முழுசா படிக்கணும், வரையறை பகுதி, பின்னிணைப்பு, கிளையன்ட் கொடுத்த பழைய மொழிபெயர்ப்பு எல்லாம். அந்த சொல் வர்ற எல்லா இடத்தையும் தேடல்ல போட்டு பாருங்க.

நம்ம ஒப்பந்தத்துல தேடினா ரெண்டு விஷயம் கிடைக்குதுன்னு வச்சுக்கோங்க. பின்னிணைப்பு 2ல சான்றிதழோட மாதிரி படிவம் இருக்கு, அதுல ஒரே ஒரு கையெழுத்து கட்டம், மேல "தயாரிப்பாளர்"னு போட்டிருக்கு. அப்போ சான்றிதழ்ல பிரதிநிதி கையெழுத்து போட இடமே இல்ல, கையெழுத்து ரிப்போர்ட்டுக்கு மட்டும்தான். ரெண்டாவது கேள்வி இங்கயே முடிஞ்சுது, கிளையன்ட்டை தொந்தரவு பண்ண வேண்டாம், எதை வச்சு முடிவு பண்ணீங்கன்னு உங்க குறிப்புல மட்டும் எழுதி வச்சுக்கோங்க.

முதல் கேள்விக்கு ஆர்ட்டிக்கிள் 9 வருது: "வாங்குபவர் அல்லது அவர் பிரதிநிதி சோதனையின்போது இருப்பார்". ஓ, அப்போ ரிப்போர்ட்ல கையெழுத்து போடுறது வாங்குறவர் ஆளா இருக்கலாமேன்னு தோணும். தோணுதே தவிர, அங்க கையெழுத்துன்னு ஒரு வார்த்தை கூட இல்ல. சாய்வு கிடைச்சிருக்கு, ஆதாரம் கிடைக்கல.

படி 4: தப்பாப் போனா யாருக்கு என்ன ஆகும்?

ஆர்ட்டிக்கிள் 11 படி, கையெழுத்தான ரிப்போர்ட் கொடுத்து 30 நாள்ல பணம் வரணும். கையெழுத்து போட வேண்டியது வாங்குறவர் ஆள்னா, அவர் போடாம இழுத்தடிச்சாலே பணம் நிக்கும். விற்கிறவர் ஆள்னா அந்த பிடி வாங்குறவர் கையில இல்ல. இது பணத்தை தொடுது, அதனால கட்டாயம் கேக்கணும், "அனேகமா இதுதான்"ங்குறது இங்க செல்லாது.

நான் பிரிக்கிறது இப்படித்தான். எழுத்துப்பிழைன்னு பாத்த உடனே தெரியுது, அர்த்தம் ஒண்ணுதான்னா, சரியான அர்த்தத்தை போட்டுட்டு டெலிவரி மெயில்ல ஒரு வரி. ரெண்டு அர்த்தம் இருக்கு ஆனா எது போட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லன்னா, நல்லா பொருந்துறதை போட்டுட்டு "இப்படி எடுத்துக்கிட்டேன்"னு குறிப்பு. யார் செய்யணும், எவ்வளவு, எப்போ, செய்யணுமா கூடாதாங்குறது மாறுதுன்னா கேள்வி.

எண்கள்ல கூடுதல் கவனம். பிரெஞ்சுல தசமத்துக்கு கமா, ஆயிரத்துக்கு இடைவெளி விடுறது வழக்கம். "1.500 kg"ன்னு புள்ளி வந்தா அது ஆயிரத்து ஐநூறா ஒன்றரையா? அதே டாக்குமெண்ட்ல மத்த எண்களை எப்படி எழுதியிருக்காங்கன்னு பாருங்க, அங்கயும் கலந்து கிடந்தா கேளுங்க. எண்ணுல 15, எழுத்துல இருபதுன்னு முரணா இருந்தா யோசிக்கவே வேணாம், கேளுங்க. முழுக்க பெரிய எழுத்துல வர்ற தலைப்புல அக்ஸென்ட் குறி விட்டுப்போறதும் உண்டு:

```
CONTROLE
```

இது "சோதனை"யா "சோதிக்கப்பட்டது"ஆ? பெரும்பாலும் கேக்க தேவையில்ல, அந்த தலைப்புக்கு கீழ என்ன இருக்குன்னு பாருங்க, டிக் இருந்தா சோதிச்சாச்சு, சோதனைகளோட பேர் இருந்தா சோதனை.

படி 5: கேள்வியை எழுதுறது

"7.2 புரியல, விளக்கவும்"னு அனுப்பாதீங்க. எழுதினவருக்கு அது தெளிவாத்தான் தெரியும், அதனால அதே வாக்கியத்தையே திரும்ப அனுப்புவார். எந்த இடம், எந்த சொல், ரெண்டு அர்த்தம், உங்க சாய்வு, பதில் வரலன்னா என்ன பண்ணுவீங்க, இதெல்லாம் இருக்கணும், ஒரே எழுத்துல பதில் சொல்ற மாதிரி இருக்கணும். கிளையன்ட் பிரெஞ்சுக்காரர்னா பிரெஞ்சுலயே எழுதுங்க, அவருக்கு தமிழ் தெரியாது, "தன்", "அவர்" கதையெல்லாம் அவருக்கு வேண்டாம்.

```
Art. 7.2 : « signés par son représentant »
S'agit-il du représentant :
A) du vendeur ?
B) de l'acheteur ?
L'art. 9 me fait pencher pour B.
Sans réponse jeudi à midi, je retiens B
et je le signale à la livraison.
```

நடுவுல ஏஜென்சி இருந்தா ப்ராஜெக்ட் மேனேஜர் இதை அப்படியே ஃபார்வர்ட் பண்ணுவார், அவருக்கு பிரெஞ்சே தெரியாம கூட இருக்கலாம், அதனால கேள்வி தன் கால்ல நிக்கணும். சின்ன கேள்விகளை சேத்து ஒரே ஷீட்டா அனுப்புங்க, மணிக்கொரு மெயில் வேண்டாம். ஆனா டாக்குமெண்ட் முழுக்க வர்ற சொல்லா இருந்தா உடனே அனுப்புங்க. உதாரணமா "CA"ன்னு ஒரு சுருக்கம், அது விற்றுமுதலாவும் இருக்கலாம், நிர்வாகக் குழுவாவும் இருக்கலாம், பக்கத்துல இருக்குற வாக்கியத்துலேர்ந்து தெரியலன்னா முதல் நாளே கேட்டுடணும், கடைசில கேட்டா எல்லா இடத்துலயும் போய் மாத்தணும்.

படி 6: பதில் வந்ததும் (வராட்டியும்)

காத்திருக்கிற நேரத்துல அந்த இடத்தை கமெண்ட் போட்டு மார்க் பண்ணிட்டு மத்த வேலைய பாருங்க. "B"ன்னு பதில் வந்தா 7.2ல மட்டும் மாத்திட்டு போயிடாம, அதே அமைப்பு வேற ஆர்ட்டிக்கிள்ல இருக்கான்னு தேடுங்க. "ரெண்டுமே சரி", "உங்க இஷ்டம்"னு பதில் வந்தா, அது பதில் இல்ல, ஆர்ட்டிக்கிள் 11ஐ சுட்டிக்காட்டி இது பணம் கிடைக்கிற தேதியை தொடுதுன்னு ஒரு வரி எழுதி இன்னொரு தடவை கேளுங்க, அப்போதான் அவங்க வக்கீல்கிட்ட அனுப்புவாங்க.

"ஐயோ, எங்க டெக்ஸ்ட்லயே தப்பு"ன்னு சொன்னா திருத்தின சோர்ஸ் ஃபைலை கேட்டு வாங்கிக்கோங்க, இல்லன்னா பிரெஞ்சு ஒண்ணு சொல்லும் தமிழ் இன்னொண்ணு சொல்லும். சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பா இருந்தா மட்டும் கதை வேற, ஏற்கனவே கையெழுத்தாகி முடிஞ்ச டாக்குமெண்ட்டை யாரும் மெயில்ல திருத்த முடியாது, அதனால இருக்குறதை மொழிபெயர்த்துட்டு மொழிபெயர்ப்பாளர் குறிப்புல ரெண்டு அர்த்தத்தையும் சொல்லணும்.

பதிலே வரலையா? சொன்னபடி B போட்டு, டெலிவரி மெயிலோட முதல் வரிலயே "7.2 உறுதி செய்யப்படல, ஆர்ட்டிக்கிள் 9ஐ வச்சு வாங்குபவரின் பிரதிநிதின்னு எடுத்திருக்கு"ன்னு எழுதுங்க, மெயிலோட அடில போட்டா யாரும் படிக்க மாட்டாங்க. ஒப்பந்தத்துக்குள்ள அடைப்புக்குறி போட்டு ரெண்டு அர்த்தத்தையும் திணிக்காதீங்க, அதை எடுக்க மறந்து அப்படியே பிரிண்ட் ஆகி கையெழுத்துக்கு போயிடும்.