தரையில த்ரீடி பெட்டி வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரையில சாக்பீஸ்ல வரைஞ்ச ஒரு பெட்டி போட்டோவுல நிஜமாவே எழுந்து நிக்கிற மாதிரி தெரியும்ல, அதுக்கு பேரு அனமார்ஃபோசிஸ். ஒரே ஒரு இடத்துல இருந்து பார்த்தாதான் உருவம் சரியா தெரியும், மத்த எங்க இருந்து பார்த்தாலும் கோணலா இழுத்துவிட்ட மாதிரி கிடக்கும். ட்ரோம்ப் லோய்னு இன்னொண்ணு இருக்கு, அது எதிர்ல நிக்கிறவனோட கண்ணை நேராவே ஏமாத்துற ஓவியம். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு குழப்பிக்கிறதுலயே பாதி தப்பு ஆரம்பிக்குது, ஆனா அதை கடைசில சொல்றேன், முதல்ல ஒரு பெட்டியை வரைஞ்சு பார்த்துடுவோம்.

கேமரா லென்ஸ் தரையில இருந்து 150 செ.மீ. உயரத்துல இருக்குன்னு வைங்க. லென்ஸுக்கு நேர் கீழ தரையில ஒரு புள்ளி குறிச்சுக்கோங்க, நான் இதை கால்புள்ளின்னு சொல்லுவேன். அங்க இருந்து 200 செ.மீ. தள்ளி பெட்டியோட முன்பக்கம் வரணும். பெட்டி அகலம் 40, ஆழம் 40, உயரம் 50. இப்போ முன்பக்கத்தோட மேல் விளிம்பை தரையில எங்க வரையணும்? லென்ஸ்ல இருந்து அந்த விளிம்பை தொட்டுக்கிட்டு ஒரு கயிறை நேரா இழுத்தா அது எங்க தரையை தொடுமோ அங்கதான். கணக்கு ரொம்ப சிம்பிள், தூரத்தை லென்ஸ் உயரத்தால பெருக்கி, லென்ஸ் உயரத்துல இருந்து பொருளோட உயரத்தை கழிச்சு வர்றதால வகுக்கணும். 200 பெருக்கல் 150, வகுத்தல் 100, அதாவது 300 செ.மீ. ஆக 50 செ.மீ. உயரம் தரையில 100 செ.மீ. நீளமா படுக்குது.

இங்கதான் முதல் தப்பு. "ஓ, ரெண்டு மடங்கு இழுத்தா போதும் போல"ன்னு முன்பக்கம் மொத்தத்தையும் ஒரே அளவா இழுத்து வரைஞ்சிடுவாங்க. பெட்டியோட பாதி உயரம், அதாவது 25 செ.மீ.ல ஒரு கோடு இருக்குன்னு வைங்க, அதே கணக்கு போட்டா அது 240ல விழும். கீழ்ப்பாதி 40 செ.மீ.தான், மேல்பாதி 60 செ.மீ. மேல போகப்போக இழுவை கூடிக்கிட்டே போகும். ஒரே அளவா இழுத்தா பெட்டி நிக்கும், ஆனா மேல எழுதின எழுத்தெல்லாம் நசுங்கி கீழ இருக்கிறது நீண்டு, என்னமோ சரியில்லையேன்னு மட்டும் தோணும், ஏன்னு பிடிபடாது. இன்னொரு விஷயம், பொருளோட உயரம் லென்ஸ் உயரத்தை நெருங்க நெருங்க தரை பத்தவே பத்தாது. இதே இடத்துல 100 செ.மீ. உயர பெட்டின்னா மேல் விளிம்பு 600ல போய் விழும். 150ஆ இருந்தா விழவே விழாது. அதனாலதான் தெரு ஓவியர்கள் நிறைய பேரு பள்ளம் வரையுறாங்க, பள்ளம் இருக்கிற தரைக்குள்ளயே அடங்கிடும், கோபுரம் தெருவையே சாப்பிட்டுடும்.

அடுத்தது நானே பண்ண தப்பு, அரை நாள் போச்சு. பெட்டியோட மேல்பரப்பு, அந்த மூடி இருக்குல்ல, அதை எப்படி வரையணும்? பேப்பர்ல பெட்டி வரைஞ்சு பழகின கை, பின்விளிம்பை தானா குறுக்கிடும். நானும் குறுக்கினேன். போட்டோ எடுத்தா மூடி ஒரு ஆப்பு மாதிரி பின்னாடி கூம்பி இருந்துச்சு. கணக்கு போட்டு பார்த்தப்பதான் புரிஞ்சுது. 50 செ.மீ. உயரத்துல இருக்கிற எல்லாமே இந்த லென்ஸுக்கு சரியா ஒன்றரை மடங்கு பெருசாகும், அகலமும் சரி ஆழமும் சரி. முன்விளிம்பு 300ல, பின்விளிம்பு 360ல, அகலம் ரெண்டுக்குமே 60. அதாவது மூடி தரையில ஒரு அசல் சதுரம், 60க்கு 60! குறுக்குற வேலையை கேமராவே பார்த்துக்கும். நாமளும் குறுக்கினா பெர்ஸ்பெக்டிவ் ரெண்டு தடவை ஆயிடுது.

குறுக்கக்கூடாதுன்னு சொன்னதும் சிலர் நிக்கிற விளிம்புகளையும் இணையா வரைஞ்சிடுவாங்க, அதுவும் தப்புதான். செங்குத்தா நிக்கிற ஒவ்வொரு விளிம்பும் கால்புள்ளியில இருந்து கிளம்பின மாதிரி விரிஞ்சு போகணும். கீழ 40 அகலம், மேல 60ன்னு மேல சொன்ன கணக்குலயே அது இருக்கு. செக் பண்ண கணக்கே வேணாம், கால்புள்ளியில ஒரு ஆணி அடிச்சு நூல் கட்டி இழுங்க, நிக்கிற கோடு எல்லாம் நூலோட படியணும். படியாத கோடு போட்டோவுல சாய்ஞ்சு நிக்கும்.

இப்போ நிக்கிற இடம். "கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா என்ன"ன்னு கேப்பாங்க. எந்தப் பக்கம் நகர்றோம்ங்கிறதை பொறுத்தது. லென்ஸை 15 செ.மீ. மேல தூக்கினா பெட்டி 50க்கு பதிலா 55 உயரமா தெரியும், நேராத்தான் நிக்கும், யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. அதே 15 செ.மீ. பக்கவாட்டுல நகர்ந்தா பெட்டியோட தலை 5 செ.மீ. நம்ம பக்கமா சாயும், உடனே தெரிஞ்சிடும். அதனால உயரத்தை விட பக்கவாட்டை கெட்டியா பிடிங்க. ஃப்ரேம்ல அடங்கலைன்னு பின்னாடி போறதும் கூடாது, 50 செ.மீ. பின்னால போனா பெட்டி 43 செ.மீ.யா குள்ளமாயிடும். நின்ன இடத்துலயே வைட் லென்ஸுக்கு மாத்திக்கலாம், பெர்ஸ்பெக்டிவை தீர்மானிக்கிறது இடம்தான், லென்ஸ் இல்ல.

இதுலயே இன்னொரு ஏமாற்றம் ஒளிஞ்சிருக்கு, போட்டோவுல அட்டகாசமா இருக்கிறது நேர்ல வந்து பார்த்தா சப்புன்னு இருக்கும். நமக்கு ரெண்டு கண்ணு, ஆறு செ.மீ. சொச்சம் இடைவெளி, ரெண்டு மூணு மீட்டர்ல இருக்கிற தரை தட்டையா கிடக்குன்னு மூளைக்கு நல்லாவே தெரியும். ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு தலையை ஆட்டாம பாருன்னு சொன்னா எழுந்து நிக்கும்.

ரோம்ல சாந்த் இக்னாசியோ சர்ச்ல ஆந்திரேயா போட்ஸோ 1685ல வரைஞ்ச பொய்யான டோம் ரெண்டு கண்ணுக்கும் வேலை செய்யுதுன்னா அதுக்கு காரணம் உயரம். அவ்வளவு தூரத்துல ரெண்டு கண்ணும் பார்க்கிறது கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா அங்கயும் தரையில பதிச்ச வட்டக் கல்லுல நின்னு பார்க்கணும், நடந்து தள்ளிப் போனா டோம் சரிஞ்சிடும்.

சுவத்துல, ஆளுங்க நடமாடுற இடத்துல வரையப் போறீங்கன்னா அங்கதான் ட்ரோம்ப் லோய். நீண்ட காரிடார், ஆழமான தோட்டம்னு வரையுறது இதுல பெரிய தப்பு, ரெண்டு அடி நகர்ந்ததும் குட்டு வெளிப்பட்டுடும், நிஜமான ஆழம்னா நகரும்போது உள்ள இருக்கிறதும் மாறணும், இது மாறாது. ஹெய்ஸ்பிரெக்ட்ஸ்னு ஒருத்தர் 1670 வாக்குல ஒரு ஓவியத்தோட முதுகுப் பக்கத்தையே வரைஞ்சார், மரச்சட்டம், ஆணி, ஒட்டின சின்ன சீட்டு, அவ்வளவுதான். மொத்த ஆழமே சில செ.மீ., அதனால எங்க நின்னு பார்த்தாலும் மாறவேண்டியது எதுவுமே இல்ல. ஹோல்பைன் 1533ல வரைஞ்ச தூதர்கள் படத்துல இருக்கிற மண்டை ஓடு இதுக்கு நேர் எதிர், முன்னாடி நின்னா ஒரு கறை, படத்தோட வலது ஓரத்துக்கு போய் சுவரை ஒட்டிப் பார்த்தாதான் மண்டை ஓடு. எது வேணும்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் கோடு போடுங்க.

நிழல் மட்டும் ரெண்டுக்கும் பொது. வெயில்ல வரையும்போது காலைல கண்ணுக்கு தெரிஞ்ச நிழலை பார்த்து வரைஞ்சிடுவோம், போட்டோ எடுக்கிறது மூணு மணிக்கு. ஒரு மணி நேரத்துக்கு சூரியன் 15 டிகிரி நகர்ந்துடும். பெட்டி மேல உக்காந்து போஸ் குடுக்கிற ஆளோட நிழல் ஒரு பக்கம், பெட்டி நிழல் இன்னொரு பக்கம்னு போட்டோவே காட்டிக் குடுத்துடும். முந்தின நாளே, எடுக்கப்போற அதே நேரத்துல ஒரு அட்டைப் பெட்டியை அங்க வச்சு நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம்னு சாக்பீஸ்ல குறிச்சு வச்சுக்கோங்க. அதுக்கும் இதே விதிதான், தரையில விழுற நிழலுக்கு உயரமே இல்ல, அதனால அதை இழுக்காம அப்படியே உள்ள அளவுலயே வரையணும்.