டைம்ஷீட்டில் ஒரு வாரத்து மணி, நிமிடத்தைக் கையால் கூட்டுவது எப்படி?

8 மணி 45 நிமிடம் என்பதை டைம்ஷீட்டில் 8.45 என்று எழுதுவது நம் சிங்கப்பூர்ப் பட்டறைகளில் ரொம்ப நாள் பழக்கம். எழுதுவதில் தப்பில்லை. அந்தப் புள்ளியைக் காசுக் கணக்குப் புள்ளி மாதிரி நினைத்துக் கூட்டினால்தான் தப்பு. ஒரு வெள்ளிக்கு 100 காசு, ஒரு மணிக்கு 60 நிமிடம். இந்த 40 வித்தியாசம்தான் ஓவர்டைம் சம்பளத்தைக் குறைத்துவிடுகிறது. கால்குலேட்டர் கையில் இருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் அதுவும் 100-க்குத்தான் அடுத்த எண்ணுக்குப் போகும். ஒரு தாளும் பேனாவும் இருந்தால் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுவிடலாம்.

துவாஸ் பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்பவரின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 8 மணி நேரம், சனிக்கிழமை 4 மணி நேரம், ஆக வாரத்துக்கு 44 என்று அவருடைய ஒப்பந்தம். ஞாயிறு ஓய்வு.

முதலில், ஒரு நாளின் நேரம்

செவ்வாய்க்கிழமை காலை 7:50-க்கு வந்து மாலை 18:25-க்குக் கிளம்பியிருக்கிறார். இதைக் கழித்தல் கணக்காகப் போடாதீர்கள். வந்த நேரத்திலிருந்து முன்னோக்கி எண்ணுங்கள். 7:50-இலிருந்து 8:00 வரை 10 நிமிடம். 8-இலிருந்து 18 வரை 10 மணி நேரம். அப்புறம் ஒரு 25 நிமிடம். மொத்தம் 10 மணி 35 நிமிடம். சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம் வேலை நேரத்தில் சேராது, அதைக் கழித்தால் 9 மணி 35 நிமிடம்.

முன்னோக்கி எண்ணச் சொல்வதற்குக் காரணம் புதன்கிழமையில் தெரியும். அன்று 8:10-க்கு வந்து 17:05-க்குக் கிளம்பினார். 17.05-இலிருந்து 8.10-ஐக் கழித்தால் கை தானாக 100 கடன் வாங்கி 8.95 என்று எழுதிவிடும். 95 நிமிடம் என்று ஒன்று இருக்கவே முடியாது. எண்ணிப் பாருங்கள்: 9 மணி வரை 50 நிமிடம், 17 மணி வரை 8 மணி நேரம், இன்னும் 5 நிமிடம். ஆக 8 மணி 55 நிமிடம். அன்று இடைவேளை 45 நிமிடம்தான், அதனால் நிகரம் 8 மணி 10 நிமிடம்.

இரவு வேலையாக இருந்தால் நள்ளிரவில் இரண்டாக உடைத்துவிடுங்கள். 22:15-க்குத் தொடங்கி மறுநாள் 5:40-க்கு முடித்தால், 24:00 வரை 1 மணி 45 நிமிடம், அதற்குப் பிறகு 5 மணி 40 நிமிடம். இரண்டும் சேர்ந்து 7 மணி 25 நிமிடம்.

அடுத்து, வாரத்தைக் கூட்டுவது

எல்லா நாளையும் இப்படி எண்ணி முடித்ததும் மணிக்கு ஒரு பத்தி, நிமிடத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதுங்கள். நடுவில் புள்ளி வேண்டாம், ஒரு கோடு போதும்.

```
திங்கள்   8 | 45
செவ்வாய்  9 | 35
புதன்     8 | 10
வியாழன்  10 | 20
வெள்ளி    8 | 35
சனி       4 | 50
```

மணிப் பத்தி சாதாரணக் கூட்டல்தான்: 47.

நிமிடப் பத்திக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். 60-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ பக்கத்தில் ஒரு சிறு கோடு கிழித்துவிட்டு, மீதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தொடருங்கள். மனதில் இருக்கும் எண் ஒருபோதும் 59-ஐத் தாண்டாது, அதனால் குழப்பம் வராது.

45-உம் 35-உம் சேர்ந்தால் 80. ஒரு கோடு, மீதி 20. அதோடு 10 சேர்ந்து 30, இன்னொரு 20 சேர்ந்து 50. அடுத்து 35 சேர்த்தால் 85, இரண்டாவது கோடு, மீதி 25. கடைசியாக 50 சேர்த்தால் 75, மூன்றாவது கோடு, மீதி 15. மூன்று கோடு என்றால் மூன்று மணி நேரம். 47-உம் 3-உம் 50. ஆக வாரத்தின் மொத்தம் 50 மணி 15 நிமிடம்.

கொஞ்சம் பழகிய பிறகு 50, 55 போன்ற பெரிய எண்களைக் கூட்டவே வேண்டாம். 50-ஐச் சேர்த்து 60-ஐக் கழிப்பதும் 10-ஐக் கழிப்பதும் ஒன்றுதான். கையில் 25 இருந்தால் கோடு கிழித்து 10 குறையுங்கள், 15 வந்துவிடும்.

இதே வாரத்தைப் புள்ளி வைத்துக் கூட்டியிருந்தால் 48.95 வந்திருக்கும். புள்ளிக்குப் பின்னால் 59-க்கு மேல் ஓர் எண் வந்தால் அந்தக் கணக்கை அப்படியே அடித்துவிடலாம். ஆனால் தப்பான கூட்டல் சில வாரங்களில் 48.30 போலப் பார்க்க ஒழுங்காகவும் வந்து நிற்கும். அதனால் விடையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

சரிபார்ப்பது

ஒவ்வொரு நாளும் ஒப்பந்த நேரத்துக்கு மேல் எவ்வளவு என்று தனியாக எழுதுங்கள். திங்கள் 45 நிமிடம், செவ்வாய் 1 மணி 35, புதன் 10 நிமிடம், வியாழன் 2 மணி 20, வெள்ளி 35 நிமிடம், சனி 50 நிமிடம். கூட்டினால் 6 மணி 15 நிமிடம். 50 மணி 15-இலிருந்து 44-ஐக் கழித்தாலும் அதுவே வருகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு முறையிலும் நிமிட எண்கள் அதேதான். நிமிடக் கூட்டலில் பிசகியிருந்தால் இங்கேயும் அதே பிசகு வரலாம். அதனால் இந்த முறை நிமிடத்தைக் கீழிருந்து மேலே கூட்டுங்கள். 50-இல் தொடங்கினால் மூன்று கோடும் மீதி 15-உம் மறுபடி வர வேண்டும்.

சம்பளமாக மாற்றும்போது

பணத்தோடு பெருக்கும் இடத்தில் மட்டும் புள்ளி தேவைப்படும். 6 மணி 15 நிமிடம் என்பது 6.15 இல்லை, 6.25. கால் மணி .25, அரை மணி .5, முக்கால் மணி .75. மற்ற நிமிடங்களுக்கு 6 நிமிடம் 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள், 18 நிமிடம் 0.3 ஆகும்.

சிங்கப்பூர் வேலைச் சட்டத்தின்படி ஓவர்டைமுக்கு மணிக்கான அடிப்படைச் சம்பளத்தைப் போல குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். உடலுழைப்பு வேலை செய்பவருக்கு மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை இந்த விதி பொருந்தும். மணிக்கான அடிப்படைச் சம்பளம் வேண்டுமென்றால், மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 × 44, அதாவது 2,288-ஆல் வகுக்க வேண்டும்.

நம் ஆளுக்கு மணிக்கு 10 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஓவர்டைமுக்கு 15 வெள்ளி. 6.25 × 15 = 93.75 வெள்ளி. 48.95-ஐ நம்பி 4.95 மணிக்குக் கணக்குப் போட்டிருந்தால் 74.25 வெள்ளிதான் வந்திருக்கும். ஒரே வாரத்தில் 19 வெள்ளி 50 காசு போய்விடும்.

சம்பளச் சீட்டில் ஓவர்டைம் மணி எண்ணிக்கை தனியாக இருக்க வேண்டும். அது உங்கள் தாளோடு ஒத்துப்போகவில்லை என்றால் மொத்தத்தை வைத்து வாதாடாமல் டைம்ஷீட்டை வாங்கி நாள் வாரியாக ஒப்பிடுங்கள். ஒரு நாளில் சரியாக 40 நிமிடம் வித்தியாசம் தெரிந்தால், அங்கே யாரோ 60-க்குப் பதிலாக 100 கடன் வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வரியை சூப்பர்வைசர் முன்னாலேயே முன்னோக்கி எண்ணிக் காட்டுங்கள். நாளெல்லாம் ஒத்துப்போய் மொத்தம் மட்டும் இடித்தால், பிசகு நிமிடப் பத்தியில்தான். அங்கே கோடு கிழித்துக் காட்டினால் போதும்.