ஆர்.ஓ.இ. 15-லிருந்து 20 ஆனால் தொழில் வளர்ந்துவிட்டதா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். போன வருடம் அதன் விற்பனை 100 கோடி, நிகர லாபம் 6 கோடி, மொத்தச் சொத்து 80 கோடி, பங்குதாரர் பணம் 40 கோடி. 40 கோடிக்கு 6 கோடி என்றால் ஆர்.ஓ.இ., அதாவது பங்குதாரர் பணத்துக்குக் கிடைத்த வருமானம், 15%. இந்த வருடம் விற்பனை 120, லாபம் 6.6, சொத்து 110, பங்குதாரர் பணம் 33. ஆர்.ஓ.இ. 20%. இதை மட்டும் பார்த்துவிட்டுப் பங்கு வாங்குவதுதான் முதல் தவறு.

பங்குதாரர் பணம் ஏன் 40-லிருந்து 33 ஆனது? லாபம் 6.6 சேர்ந்தது, கம்பெனி தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிய பைபேக்கில் 10 கோடியும் டிவிடெண்டில் 3.6 கோடியும் வெளியே போயின. அந்த இடத்தைக் கடன் நிரப்பியது. 20 கோடியாக இருந்த பேங்க் கடன் இப்போது 50 கோடி. 110 கோடிச் சொத்தில் மீதி 27 கோடி சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பாக்கி.

இதை மூன்றாகப் பிரிப்போம்:

```
ஆர்.ஓ.இ. = (லாபம் ÷ விற்பனை) × (விற்பனை ÷ சொத்து) × (சொத்து ÷ பங்குதாரர் பணம்)
போன வருடம்: 6%   × 1.25 × 2.00 = 15%
இந்த வருடம்: 5.5% × 1.09 × 3.33 = 20%
```

மார்ஜின் இறங்கியிருக்கிறது, சொத்துச் சுழற்சியும் இறங்கியிருக்கிறது. ஏறியது மூன்றாவது பாகமான லீவரேஜ் மட்டும்தான். 1910-களில் டூபான்ட் கம்பெனியில் டொனால்ட்சன் பிரவுன் அமைத்த மூலக் கணக்கில் முதல் இரண்டு பாகங்களே இருந்தன. லீவரேஜ் பின்னால் ஒட்டிக்கொண்டது. குழப்பம் பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான் வருகிறது.

இங்கே விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் ஒரு இடம் உண்டு. "லீவரேஜ் பழைய 2-லேயே நின்றிருந்தால்?" என்று கேட்டு, 5.5% × 1.09 × 2 போட்டு, "12%தான் வந்திருக்கும், தொழில் சரிந்துவிட்டது" என்று முடித்துவிடுவார்கள். மூன்று பாகங்களும் ஒன்றையொன்று தொடாதவை என்று நினைப்பதால் வரும் பிழை இது. கடன் குறைந்தால் வட்டி குறையும், வட்டி குறைந்தால் மார்ஜின் கூடும்.

சரியாகப் போட்டுப் பார்ப்போம். வட்டி 10%, வரி 25% என்று கொள்வோம். இந்த வருடம் வட்டி 5 கோடி, வரிக்கு முந்தைய லாபம் 8.8 கோடி, எனவே வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 13.8 கோடி. லீவரேஜ் 2 என்றால் பங்குதாரர் பணம் 55 கோடி, சப்ளையர் பாக்கி 27 போகக் கடன் 28 கோடி, வட்டி 2.8 கோடி. 11 கோடியில் வரி போக 8.25 கோடி. அதை 55-ஆல் வகுத்தால் 15%. தொழில் சரியவும் இல்லை, வளரவும் இல்லை. ஏறிய 5 புள்ளியும் கடன் கொடுத்ததே.

மார்ஜின் இறங்கியதற்குப் பட்டறையைக் குறை சொல்வதும் இதனால்தான் தப்பு. போன வருடம் வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 10 கோடி, அதாவது விற்பனையில் 10%. இந்த வருடம் 11.5%. பட்டறை நன்றாகவே ஓடியிருக்கிறது, வட்டிதான் தின்றுவிட்டது. ஆனால் சொத்தோடு ஒப்பிட்டால் இரண்டு வருடமும் ஏறக்குறைய 12.5%. கடன் வட்டி 10%தானே என்பதால் இப்போதைக்கு லீவரேஜ் உதவுகிறது. 12.5%-க்குக் கீழே சொத்தின் வருமானம் இறங்க இறங்க அந்த உதவி சுருங்கும், பிறகு தலைகீழாகும். 2019-ல் வந்ததுபோல வாகன விற்பனை படுத்து, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 7 கோடி ஆகிவிட்டது என்று வையுங்கள். இதே 110 கோடிச் சொத்துக்கு லீவரேஜ் 2 என்றால் ஆர்.ஓ.இ. 5.7%, இப்போதைய 3.33-ல் 4.5%.

அடுத்தது, மார்ச் 31 கணக்கை அப்படியே எடுப்பது. பிப்ரவரியில் வாங்கிய மெஷின் முழுச் சொத்தாக நிற்கும். அது ஒரு வருட விற்பனை தந்திருக்காது. இதே கம்பெனியில் ஆண்டுத் தொடக்கம், முடிவு இரண்டின் சராசரியை எடுத்தால் சொத்து 95 கோடி, பங்குதாரர் பணம் 36.5 கோடி, சுழற்சி 1.26, ஆர்.ஓ.இ. 18%. சுழற்சி இறங்கியதாகச் சொன்னோமே, போன வருடத்துக்கும் சராசரி போட்டுப் பார்த்தால்தான் அது உறுதியாகும்! எந்த முறையானாலும் சரி, மூன்று பாகங்களுக்கும் எல்லா வருடங்களுக்கும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். சுழற்சியில் சராசரிச் சொத்து, லீவரேஜில் ஆண்டு முடிவுச் சொத்து என்று கலந்துவிட்டுப் பெருக்கினால் ஆர்.ஓ.இ. வராது, கலந்துவிட்டீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

பிரிக்கும் முன் லாபத்தைச் சுத்தம் செய்வதும் மறக்கக் கூடாது. எஸ்டேட்டில் சும்மா கிடந்த நிலத்தை விற்ற லாபம் 'இதர வருமானம்' அல்லது 'விதிவிலக்கான இனங்கள்' என்ற தலைப்பில் வந்திருந்தால், வரி போக மீதியைக் கழித்துவிட்டு மார்ஜின் போடுங்கள். அந்த நிலத்தை அடுத்த வருடமும் விற்க முடியாதல்லவா.