கோயம்பேட்டில் கூட்டாகக் காய்கறி வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

எங்கள் குடியிருப்பில் 20 வீடுகளுக்குச் சேர்த்து வாரம் ஒரு முறை கோயம்பேட்டில் வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு வாங்கி வந்து பிரித்துக் கொடுக்கிறேன். வீட்டுக்கு 20 ரூபாய் கமிஷன். முதல் இரண்டு மாதங்களில் அந்தப் பணத்தில் பெரும்பகுதி எங்கே போனது என்றே எனக்குப் புரியவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. விலையை நான் வகுத்த முறைதான் தவறு.

மூட்டை விலையை மூட்டையின் எடையால் வகுத்து, அதையே கிலோ விலையாகச் சொல்லிவிடுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ வெங்காய மூட்டை 1,500 ரூபாய் என்றால் கிலோ 30 என்று தோன்றும். ஆனால் சாக்கும் உதிர்ந்த சருகும் ஒரு கிலோ. அழுகியதும் முளைவிட்டதும் ஒன்றே கால் கிலோ. நிறுக்கும்போது வீட்டுக்கு 40 கிராம் தூக்கலாகப் போகும். அதற்காக ஒரு வெங்காயத்தைத் திரும்ப எடுக்க மனம் வராது. 20 வீட்டுக்கு அதுவே 800 கிராம். கடைசியில் காசாவது 47 கிலோதான். கிலோவுக்கு 30 வாங்கினால் 90 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

இரண்டு பெட்டித் தக்காளி, 50 கிலோ, 1,000 ரூபாய். கழித்தது போக 44 கிலோ தேறினால் 120 ரூபாய் நட்டம். 1,200 ரூபாய்க்கு வாங்கிய 50 கிலோ உருளைக்கிழங்கு மூட்டையில் 48 கிலோ தேறினால் 48 ரூபாய். மொத்தம் 258. கமிஷனாக வந்த 400 ரூபாயில் மிஞ்சுவது 142 ரூபாய், அதுவும் விடியுமுன் எழுந்து போனதற்கு.

அதனால் இப்போது பொறுக்கிப் பிரித்த பிறகே விலையைச் சொல்கிறேன். வெங்காயம் 32, தக்காளி 23, உருளை 25. வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும் சேர்ந்து 556 ரூபாய் என்றால், தேறிய 139 கிலோவால் வகுத்துக் கிலோவுக்கு 4 ரூபாய் கூட்டுகிறேன். இதை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதும் தவறு. மூன்று கிலோ வாங்கும் தனி மனிதர் பதினைந்து கிலோ வாங்கும் வீட்டின் வண்டிக்கூலியைச் சுமக்க வேண்டியிருக்கும். இரண்டாவது வாரமே விலகிவிடுவார்.

சேதாரம் எவ்வளவு என்பது பெரும்பாலும் மண்டியிலேயே முடிவாகிவிடுகிறது. தக்காளிப் பெட்டியின் மேல் அடுக்கைப் பார்த்து வாங்காதீர்கள். மதனப்பள்ளியிலிருந்தோ கோலாரிலிருந்தோ இரவெல்லாம் லாரியில் குலுங்கி வந்த பெட்டியில் பாரம் முழுவதும் அடிப்பழத்தின் மேல்தான். பெட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். விரலில் பிசுபிசுப்பு ஒட்டினால் உள்ளே நசுங்கியிருக்கிறது. முழுக்கப் பழுத்ததும் வேண்டாம். பிரித்துக் கொடுத்து முடிக்கவே மதியம் ஆகிவிடும், பாதி சிவந்ததுதான் அதைத் தாங்கும். வெங்காய மூட்டையில் சாக்கின் அடி மூலையை அழுத்திப் பாருங்கள். ஈரமும் புளித்த வாடையும் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

அடுத்த தவறு, கேட்ட அளவை அப்படியே கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போவது. வீடுகள் 35 கிலோ வெங்காயம் கேட்டிருக்கும், மொத்தக் கடையில் மூட்டையை உடைக்க மாட்டார்கள். கழித்தது போக மீதி 12 கிலோ உங்கள் தலையில். முதல் நாள் மாலையே பட்டியலை முடித்துவிட்டு, "இன்னும் இரண்டு கிலோ சேர்த்து எடுத்துக்கொள்ள முடியுமா?" என்று ஆறு வீட்டில் கேளுங்கள். மூட்டை நிறையவில்லை என்றால், அந்த வாரம் அந்தப் பொருளைச் சந்தையிலேயே இருக்கும் சில்லறைக் கடையில் வாங்குங்கள். கிலோவுக்குச் சில ரூபாய் கூடும், தேக்கம் இருக்காது.

முதல் நாளே விலை சொல்லிவிடவும் கூடாது. லாரி வரத்து குறைந்தால் விலை விடிவதற்குள் மாறிவிடும். அதற்குப் பதில், எந்த விலையைத் தாண்டினால் வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். வீட்டுக்கு 300 ரூபாய் முன்பணம் என்னிடம் இருக்கும். மீதி அடுத்த வாரக் கணக்கில் சேரும். கைக்காசைப் போட்டு வாங்கிவிட்டுப் பிறகு வசூலிக்கப் போனால், நான்கு வீடாவது பூட்டியிருக்கும்.

கமிஷனைக் காய் விலைக்குள் ஒளிப்பதைத்தான் நான் மிகக் கடுமையாகச் சொல்வேன். கிலோவுக்கு இரண்டு ரூபாய் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் தெரியாது என்று தோன்றும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கோயம்பேட்டுக்குப் போய் விலை கேட்டுவிட்டு வருவார். அன்றிலிருந்து நீங்கள் உண்மையாகக் கழித்த அழுகல்கூடப் பொய்யாகத் தெரியும். கடைச் சீட்டு, கூலி, தேறிய எடை, என் 20 ரூபாய் என நான்கு வரியையும் குழுவில் அன்றே போட்டுவிடுகிறேன். கழித்த தக்காளியை மாலை வரை படிக்கட்டுக்கு அடியில் ஒரு வாளியில் வைத்திருப்பேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.