அட்வான்ஸ் கொடுக்கும் முன் மண்டபம் பார்ப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சார், மண்டபத்தை ஒரு தடவை வந்து பாக்கலாமா?" என்று போனில் கேட்டால், "எப்ப வேணாலும் வாங்க" என்று பதில் வரும். போனால் வாட்ச்மேன் கதவைத் திறந்து விடுவார். மேடையின் விளக்கை மட்டும் போட்டுக் காட்டுவார். டைனிங் ஹாலில் மேசைகள் மடக்கிச் சுவரோரம் சாய்த்திருக்கும். ஜெனரேட்டர் பற்றிக் கேட்டால் மேனேஜரைக் கேட்கச் சொல்வார். இருபது நிமிடத்தில் எல்லாம் பார்த்த மாதிரி இருக்கும், ஆனால் முடிவெடுக்கத் தேவையான எதுவும் தெரிந்திருக்காது. கல்யாணம் எடுத்துச் செய்கிறவர்களின் முதல் தவறு, என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் பார்க்கக் கேட்பது.

மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதிக் கேட்கலாம்:

"வணக்கம் சார். ஆவணியில் ஒரு வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். மாலை 800 பேர், காலை 400 பேர் எதிர்பார்க்கிறோம். முடிவு செய்யும் முன் மண்டபம் முழுவதையும் பார்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆகும். சமையல் மாஸ்டர், டெக்கரேஷன் ஆள், நான் என மூன்று பேர் வருவோம். டைனிங் ஹாலில் எல்லா மேசையும் போட்டிருக்கும் நாளாக இருந்தால் நல்லது. எலக்ட்ரீஷியன் இருக்க வேண்டும். ஏசி ஓடும்போது மெயினை அணைத்து ஜெனரேட்டரைப் பார்க்க விரும்புகிறோம். எந்த நாள், எத்தனை மணிக்கு வசதிப்படும்?"

இதற்கு வரும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஜெனரேட்டரைப் போட்டுக் காட்ட மாட்டோம் என்று சொல்லும் மண்டபத்தில், விசேஷத்தன்று கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை அப்போதே யோசிக்க வேண்டும்.

பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் முதல் தடவையே அழைத்துப் போவதும் தவறுதான். அவர்கள் மேடையையும் முகப்பையும் பார்த்து, "இதையே முடிச்சிடலாம்" என்று மேனேஜர் எதிரிலேயே சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு வாடகையும் குறையாது, கேட்கிற கேள்விக்குச் சரியான பதிலும் வராது. குறைகளைத் தெரிந்துகொண்ட பிறகு இரண்டாம் தடவை அழைத்துப் போகலாம்.

அதிகம் ஏமாறும் இடம் டைனிங் ஹால். "ஒரு பந்திக்கு 250 பேர்" என்று சொன்னால் அப்படியே குறித்துக்கொள்கிறார்கள். மேசையை எண்ண வேண்டும். ஓர் இலைக்கு இரண்டடி என்றால் ஆறடி மேசையில் மூன்று பேர் உட்காரலாம். மண்டபத்தில் இருப்பது 60 மேசை என்றால் பந்திக்கு 180 பேர்தான். மீதி 70 பேருக்கு மேசையை எங்கே போடுவார்கள் என்று கேளுங்கள். பரிமாறுகிறவர்கள் வாளியோடு நடக்கும் வழியில் போடுவார்கள் என்றால் அந்தக் கணக்கை விட்டுவிடலாம்.

180க்கும் 250க்கும் உள்ள வித்தியாசம் மாலையில்தான் தெரியும். 800 பேர் வந்து 700 பேர் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு எழுந்து, மேசை துடைத்து அடுத்த இலை போட ஒரு பந்திக்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். 250 இருக்கை இருந்தால் மூன்று பந்தி. ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு முடிந்துவிடும். 180 என்றால் நான்கு பந்தி, 9.40 ஆகும். நாற்பது நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் கூட்டம் சீராக வராது, பெரும்பாலும் ஏழரையிலிருந்து எட்டரைக்குள் மொத்தமாக வரும். எட்டு இருபதுக்குள் 600 பேர் சாப்பிட வந்துவிட்டால், 360 பேர் சாப்பிட்டு முடித்திருப்பார்கள், 180 பேர் மூன்றாம் பந்தியில் உட்காருவார்கள், 60 பேர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இடத்துக்காக ஆள் நிற்பதை எந்த வீட்டாரும் மறக்க மாட்டார்கள். ஆகவே டைனிங் ஹாலுக்கு வெளியே அறுபது, எழுபது பேர் உட்காரும் இடம் இருக்கிறதா, அங்கே ஒரு சிறிய பஃபே மேசை போட முடியுமா என்று அன்றே பார்த்துவிட வேண்டும்.

கை கழுவும் இடமும் இதே கணக்கில் சேரும். 180 பேர் ஏறக்குறைய ஒன்றாக எழுவார்கள். ஆறு குழாய் இருந்து, ஆளுக்குப் பதினைந்து நொடி என்றால் ஏழரை நிமிடம். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். பாதிக் குழாய்களில் நூல் மாதிரித் தண்ணீர் வந்தால் அந்த ஏழரை நிமிடம் பதினைந்தாகும், பந்திக்கு வைத்த 40 நிமிடமும் போதாது. சமையல் மாஸ்டர் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்வார்; சமையல்கட்டு ஒரு தளத்திலும் டைனிங் வேறு தளத்திலும் இருந்தால் மட்டும் பாத்திரம் ஏறும் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.

அடுத்தது ஜெனரேட்டர். "இருக்கா?" என்று கேட்பது போதாது. எதற்கெல்லாம் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. 62.5 கேவிஏ ஜெனரேட்டர் என்றால், 0.8 பவர் ஃபேக்டரில் 50 கிலோவாட்தான் கிடைக்கும். ஹாலில் 40 டன் ஏசி இருந்து, டன்னுக்கு 1.2 கிலோவாட் என்று வைத்தாலே 48 ஆகிவிடும். விளக்கு, மோட்டார், லிஃப்ட் எதற்கும் இடமில்லை. அதனால் ஏசியை ஜெனரேட்டரில் சேர்க்காமலே விட்டிருக்கும் மண்டபங்கள் உண்டு. "ஃபுல் பவர் பேக்கப்" என்ற சொல்லை நம்பாமல், எல்லாவற்றையும் ஓடவிட்டு மெயினை அணைக்கச் சொல்லி, பத்து நிமிடம் சுற்றி வாருங்கள். எந்த ஏசி நின்றது, மணமகள் அறையில் விளக்கு எரிகிறதா, தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா, லிஃப்ட் நகர்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். தானாக மாறுகிறதா, ஆள் வந்து மாற்ற வேண்டுமா என்பதும் அப்போதே தெரியும். ஆள்தான் மாற்ற வேண்டும் என்றால், இரவு அங்கே யார் இருப்பார் என்று பெயரோடு கேட்டுக்கொள்ளுங்கள். டீசல் செலவு வாடகையில் அடக்கமா, மணிக் கணக்கா என்ற கேள்வியையும் விடக்கூடாது.

எல்.இ.டி. திரை, டிஜே வைப்பதாக இருந்தால் அவற்றுக்குத் தனி த்ரீ பேஸ் இணைப்பு எங்கே இருக்கிறது என்று எலக்ட்ரீஷியனே காட்டட்டும். இல்லையென்றால் வாடகை ஜெனரேட்டர் வண்டி வர வேண்டும். அது நிற்கும் இடமும், அங்கிருந்து மேடை வரை கேபிள் வரும் வழியும் பார்த்தாக வேண்டும்.

காலியான மண்டபத்தைப் பகலில் பார்த்ததோடு நிறுத்திவிடுவதும் தவறு. உங்கள் கூட்டத்தின் அளவில் ஒரு வரவேற்பு நடக்கும் மாலையில், மேனேஜரிடம் சொல்லிவிட்டு, ஏழரை மணிக்கு வாசலில் கால் மணி நேரம் நில்லுங்கள். வண்டி நிறுத்துமிடம் எத்தனை மணிக்கு நிரம்புகிறது, பிறகு வருகிறவர்கள் எங்கே விடுகிறார்கள் என்பது தெரியும். உள்ளே போய் விருந்தினரோடு கலந்து நிற்க வேண்டாம், அது அடுத்தவர் வீட்டு விசேஷம்.

புறப்படும் முன் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: "எங்களுக்கு முந்தின விசேஷம் எப்போது முடிகிறது?" முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து வரும் மாதத்தில், காலை முகூர்த்தக்காரர்கள் மூன்று மணிக்குக் காலி செய்து, அதன் பிறகு கூட்டிப் பெருக்கி நான்கு மணிக்கு உங்கள் கைக்கு மண்டபம் வரும். ஆறரை மணி வரவேற்புக்கு மேடை அலங்காரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான். டெக்கரேஷன் ஆள் பக்கத்திலேயே இருக்கிறார், அந்த நேரத்துக்குள் முடியுமா என்று மேடையை அளந்து அவர் சொல்லட்டும். முடியாது என்றால் மேடை வடிவமைப்பைச் சுருக்க வேண்டும், அல்லது தேதியை மாற்ற வேண்டும்.

அன்றைக்கே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தேதியை இரண்டு நாள் நிறுத்தி வைக்கக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பார்த்தவற்றை அதே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: மேசை 60, ஜெனரேட்டரில் ஹால் ஏசி இல்லை, சாவி நான்கு மணிக்கு, டீசல் தனி. "சரிதானே சார்?" என்று கேட்டு, அவர் "சரி" என்று எழுதிய பிறகு பணத்தைப் பேசலாம்.