பனியாற்றைக் கரையில் நின்று பார்ப்பதா, கைடுடன் மேலே ஏறுவதா? முதல்முறை போகிறவர்களுக்கு

பனியாறு பார்க்கக் கிளம்புகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது "எனக்கு ஸ்டாமினா பத்துமா?" என்பதைத்தான். மூச்சை விட முழங்காலையும் கணுக்காலையும் பற்றி யோசியுங்கள் என்பேன். தென் ஐஸ்லாந்தில் உள்ள சோல்ஹெய்மாயோகுல் என்ற பனியாற்றை வைத்தே விளக்குகிறேன். அங்கே பார்வையிடப் போகிறவர்களும் பனி மேல் நடக்கப் போகிறவர்களும் ஒரே கார் பார்க்கிங்கிலிருந்துதான் கிளம்புகிறார்கள். நானும் அத்தையும் அங்கே போனபோது, அவர் கரையோடு நின்றுகொண்டார், நான் மேலே ஏறினேன்.

படி 1: இடத்தின் உயரத்தைப் பாருங்கள்

சோல்ஹெய்மாயோகுல் கீழே முடியும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம்தான். காற்று மெலிந்திருக்குமோ என்ற கவலையே வேண்டாம். சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோகை எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் உட்கார்ந்தபடியே போய் ஆலெட்ச் பனியாற்றைப் பார்த்துவிடலாம். ஆனால் அந்த ரயில் நிலையம் 3454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடக்காமலே தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். எளிய வியூ பாயின்ட் என்று விளம்பரத்தில் இருந்தாலும், இதய நோயோ நுரையீரல் தொந்தரவோ உள்ளவர்கள் உயரத்தைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

படி 2: வீட்டிலேயே காலைச் சோதியுங்கள்

மூன்று மாடிப் படிகளை நிற்காமல் ஏறி, கைப்பிடியைத் தொடாமல் இறங்கிப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கினால் பரவாயில்லை, கைடு அங்கங்கே நிறுத்தித்தான் கூட்டிப் போவார். இறங்கும்போது முழங்காலில் வலி எடுத்தாலோ, ஒரு கால் நடுங்கினாலோ யோசிக்க வேண்டும். பனியிலும் இறக்கம்தான் கடினம். அப்புறம், கரடுமுரடான பாதையில் இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள். மறுநாள் காலையில் சாதாரணமாக எழ முடிந்தால் தொடக்கநிலை பனி நடை உங்களால் முடியும்.

அத்தைக்கு ஏறுவதில் சிரமமே இல்லை. இறங்கும்போது மட்டும் வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. அதனால்தான் அவர் கரை என்று முடிவு செய்தோம்.

படி 3: கரையிலிருந்து பார்ப்பது

பார்க்கிங்கிலிருந்து சரளைப் பாதையில் கால் மணி நேரம் நடந்தால் பனியாற்றின் முகமும் அதன் முன்னே உருகிய நீர் தேங்கிய ஏரியும் தெரியும். பனியாறு பின்வாங்கப் பின்வாங்கத்தான் அந்த ஏரி பெரிதாகியிருக்கிறது. 2010 முதல் அந்தப் பகுதிப் பள்ளி மாணவர்கள் ஆண்டுதோறும் போய் அது எவ்வளவு பின்வாங்கியது என்று அளந்து வருகிறார்கள். பனியாற்றின் முழு உருவம், மேலே வெள்ளையாகவும் கீழே சாம்பல் படிந்து கறுத்தும் அது மலையிலிருந்து வழிந்து வரும் விதம், எல்லாம் கரையிலிருந்துதான் தெரியும். மேலே ஏறியவனுக்கு அடுத்த மேடு வரைதான் கண்ணில் படும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பனியாற்றின் முகத்தை நெருங்காதீர்கள். பெரும் துண்டுகள் எச்சரிக்கையே இல்லாமல் உடைந்து விழும். ஏரியில் மிதக்கும் பனிக்கட்டிகள் திடீரென்று குப்புறப் புரளும். கரை ஒதுங்கிய கட்டியின் மேல் ஏறிப் படம் எடுப்பதும் வேண்டாம். இரண்டாவது, நாற்றம். இந்தப் பனிக்கு அடியில் காட்லா எரிமலை இருக்கிறது. இங்கிருந்து ஓடும் ஆற்றில் சில நாள் அழுகிய முட்டை வாடை வரும். அது பலமாக அடித்தால், அல்லது வாயு எச்சரிக்கை போட்டிருந்தால், அன்று திரும்பிவிடுங்கள்.

படி 4: கைடுடன் பனி மேல் நடப்பது

தொடக்கநிலை நடை என்றால் மொத்தம் மூன்று மணி நேரம் போல ஆகும். உபகரணம் மாட்டுவதும் பனி வரை நடப்பதும் போக, பனி மேல் இருப்பது ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூட. ஹெல்மெட், இடுப்பில் மாட்டும் ஹார்னஸ், பனிக்கோடரி, பூட்ஸின் அடியில் கட்டும் இரும்புப் பற்களான கிராம்பான் எல்லாம் அவர்களே தருவார்கள். கணுக்காலை மூடும் கெட்டியான அடிப்பாகமுள்ள பூட்ஸ் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும், அல்லது வாடகைக்குக் கேட்க வேண்டும். மெத்தென்ற ஓட்டக் காலணியில் கிராம்பான் நிற்காது, பாதி வழியில் கழன்றுவிடும். ஜீன்ஸும் வேண்டாம். நனைந்தால் காயாது, பனியாற்றின் மேலிருந்து இறங்கும் காற்றில் உடம்பு விறைத்துப்போகும்.

நாம் பழகிய நடை குதிகாலை முதலில் ஊன்றுவது. கிராம்பான் கட்டியபின் பாதம் முழுவதையும் தட்டையாக, சற்று அழுத்தி வைக்க வேண்டும். அப்போதுதான் எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் கடிக்கும். சரியாகக் கடித்தால் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சறுக்கும் ஓசை வந்தால் பாதத்தை எடுத்து மறுபடி வையுங்கள். இரு கால்களுக்கும் நடுவே ஒரு கையகல இடைவெளி விடுங்கள். புதிதாக நடப்பவர்கள் பெரும்பாலும் விழுவது சறுக்கி அல்ல. ஒரு காலின் பல் இன்னொரு கால் பேன்ட்டில் மாட்டித்தான் விழுவார்கள். தொளதொளவென்று இருந்தால் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள்.

இறக்கத்தில் பயந்து பின்னால் சாய்ந்தால் குதிகால் மட்டும் ஊன்றி வழுக்கும். முழங்காலை மடித்து, உடம்பைச் சற்று முன்னால் தள்ளி, சிறு அடிகளாக வையுங்கள். எனக்கு இது பத்து நிமிடம் பிடிபடவில்லை. கைடு என் முன்னால் வந்து நின்று, "என் கால் வைத்த இடத்தில் மட்டும் வையுங்க" என்றார். அதற்குப் பிறகு சரியாகிவிட்டது.

மேலே போனபின் ஓரிடத்தில் அவர் எங்களை நிறுத்தினார். உருகிய நீர் சுழன்று உள்ளே விழும் ஒரு துளை, குடம் நுழையும் அளவு அகலம். விளிம்பில் வெள்ளை, உள்ளே போகப் போக அடர் நீலம், அதற்கப்பால் இருட்டு. நீர் விழும் சத்தம் கேட்டதே தவிர, அடி தெரியவில்லை. அழுத்தத்தில் காற்றுக் குமிழிகள் வெளியேறிய பனி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால்தான் அந்த நீலம் என்று விளக்கினார். இதைக் கரையிலிருந்து பார்க்க வழியே இல்லை.

படி 5: பனியாறா, பனிவெளியா என்று கேளுங்கள்

கோடையில் சோல்ஹெய்மாயோகுலின் கீழ்ப்பகுதியில் மேல்பனி உருகிப் பனிக்கட்டி வெளியே தெரியும், பிளவுகளும் கண்ணுக்குத் தெரியும். பனிவெளி அப்படி இல்லை. வெள்ளை வெளேரென்று சமமாக இருப்பதால் பாதுகாப்பானது போலத் தோன்றும், ஆனால் பிளவின் மேல் பனி கூரை போட்டிருக்கலாம். யுங்ஃப்ராவ்யோக் போன்ற இடங்களில் குறியிட்ட பாதையை விட்டு நாலடி கூட விலகாதீர்கள். அதைத் தாண்டினால் கயிறும் கைடும் கட்டாயம். கறுப்புக் கண்ணாடியும் அவசியம். வெயில் பனியில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும், அந்த நேரம் வலி எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தும்.

கோடையில் பனிக்குகைக்குள் அழைத்துப் போகிறோம் என்றால் நான் போக மாட்டேன். 2024 ஆகஸ்டில் ஐஸ்லாந்தின் பிரெய்டாமெர்குர்யோகுல் பனியாற்றில் கைடுகளுடன் போன குழுவின் மேல் பனி சரிந்து ஒருவர் இறந்தார். வெயில் காலத்தில் உருகும் பனியின் கீழே நிற்பதும் அதன் மேலே நடப்பதும் ஒன்றல்ல.

படி 6: இருவரும் சேர்ந்து போனால்

நடை தொடங்கும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். கூடவே ஒரு பைனாகுலரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அத்தை அதில்தான் எங்களைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். "அந்தக் கறுப்புக் கோடு வாய்க்கால்னு நினைச்சேன். அதுமேல எறும்பு மாதிரி நீங்க வரிசையா போனதைப் பார்த்தப்பத்தான் அது எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுது" என்றார்.